ஒரே நாள்ல டவ் இறங்குச்சு, எஸ் அண்ட் பி ஏறுச்சு: அப்ப மார்க்கெட் என்னதான் பண்ணுச்சு?

கேள்வி: "அண்ணே, 2025 ஏப்ரல் 17 அன்னைக்கு அமெரிக்காவுல டவ் ஜோன்ஸ் 500 பாயிண்டுக்கு மேல விழுந்துச்சு, ஆனா எஸ் அண்ட் பி 500 லேசா ஏறிருச்சுன்னு போட்டுருந்தாய்ங்க. ரெண்டும் ஒரே மார்க்கெட்தான? எத நம்புறது? நம்ம நிஃப்டிலயும் இந்த கூத்து நடக்குமா? நான் மதுரை, எங்க ப்ரோக்கர் ஆபீஸ்ல தினம் காலைல டவ்வ பாத்துட்டுத்தான் பேச்சே ஆரம்பிக்கிறாங்க."

தம்பி, ரெண்டு நம்பரும் சரிதான், யாரும் தப்பா போடல. அன்னைக்கு நடந்ததுல முக்காவாசி ஒரே ஒரு கம்பெனியோட கதை. யுனைடெட்ஹெல்த்னு அங்க பெரிய மருத்துவ இன்சூரன்ஸ் கம்பெனி, அன்னைக்கு காலைல காலாண்டு ரிசல்ட் விட்டுச்சு, கூடவே அந்த வருசத்து லாபம் நாங்க முன்ன சொன்ன அளவு வராதுன்னும் சொல்லிருச்சு, அவ்வளவுதான், 585 டாலர்ல இருந்த பங்கு 454 டாலருக்கு வந்துருச்சு, ஒரே நாள்ல 22 சதவீதத்துக்கு மேல போச்சு. அந்த ஒரு பங்கு டவ்வ எவ்வளவு இழுத்துச்சுன்னு நாமளே கணக்கு போட்டு பாத்துரலாம், மதுரைல நான் வேலை பாத்த ப்ரோக்கர் ஆபீஸ்ல புதுசா சேர்ற பசங்களுக்கு இத பேப்பர்ல போட வச்சுத்தான் சொல்லிக் குடுப்பேன், கையால போட்டா மறக்காது.

டவ் ஜோன்ஸ் எப்படி வருதுன்னா, அதுல இருக்க 30 கம்பெனியோட ஒரு பங்கு விலைய மட்டும் எடுத்து அப்படியே கூட்டுவாய்ங்க. கம்பெனி எவ்வளவு பெருசு, மொத்தம் எத்தன பங்கு வெளிய இருக்குங்கறதெல்லாம் கணக்குலயே வராது. கூட்டி வந்ததை டிவைசர்னு ஒரு எண்ணால வகுப்பாங்க. 1896ல சார்லஸ் டவ் ஆரம்பிச்சப்ப 12 கம்பெனிதான், 12 விலையையும் கூட்டி 12ஆல வகுத்தா சராசரி, பேப்பரும் பென்சிலும் இருந்தா போதும். அப்புறம் பங்கு ஸ்பிளிட் ஆகும்போதும், அதாவது ஒரு பங்க பல பங்கா பிரிக்கும்போதும், ஒரு கம்பெனிய தூக்கிட்டு இன்னொன்ன போடும்போதும் இண்டெக்ஸ் சும்மா குதிக்கக் கூடாதுன்னு அந்த வகுக்குற எண்ணையும் கொஞ்சம் கொஞ்சமா மாத்திட்டே வந்தாங்க. 1986ல அது ஒண்ணுக்கும் கீழ போயிருச்சு, 2025 ஏப்ரல்ல சுமார் 0.1627. ஒண்ணுக்கு கீழ இருக்க எண்ணால வகுத்தா விடை பெருசாகும்ல, அதனால 30 பங்குல எது வேணா இருக்கட்டும், ஒரு டாலர் நகந்தா டவ் ஆறு பாயிண்டுக்கு கொஞ்சம் மேல நகரும்.

இப்ப யுனைடெட்ஹெல்த் 131 டாலர் விழுந்துச்சா, அத 0.1627ஆல வகுங்க. 805 பாயிண்ட் வரும். டவ் மொத்தமா அன்னைக்கு விழுந்தது 527 பாயிண்ட்தான். அப்ப என்ன அர்த்தம்? மிச்சம் 29 கம்பெனியும் சேந்து டவ்வ 278 பாயிண்ட் மேல தூக்கிருக்கு! அந்த ஒண்ண மட்டும் கழிச்சுட்டா அன்னைக்கு டவ்வும் பச்சைலதான் முடிஞ்சுருக்கும், எஸ் அண்ட் பி மாதிரியே. எஸ் அண்ட் பி 500 ஏறுனது 0.13 சதவீதம், அதாவது பேருக்கு ஏறுச்சு அவ்வளவுதான்.

எஸ் அண்ட் பிய மட்டும் ஏன் அந்த அடி சாய்க்கலன்னா, அங்க கணக்கே வேற. பங்கு விலைய எத்தன பங்கு இருக்கோ அத்தனையால பெருக்கி வர்ற மார்க்கெட் கேப், அதாவது கம்பெனியோட மொத்த மதிப்பு, அதுக்கு தக்கனதான் வெயிட்டேஜ். யுனைடெட்ஹெல்த்தோட மொத்த மதிப்பு அப்ப அர ட்ரில்லியன் டாலருக்கு கொஞ்சம் மேல, 500 கம்பெனி கூட்டத்துல அது ஒரு சதவீதத்துக்கு சொச்சம். அதுல 22 சதவீதம் போனா இண்டெக்ஸுக்கு சுமார் கால் சதவீதம் அடி, அத மத்தவங்க ஏறி சரிக்கட்டிட்டாங்க. டவ்ல இதே கம்பெனிக்கு அன்னைக்கு வெயிட்டேஜ் 9 சதவீதம். ஆப்பிள் அந்த நேரத்துல கிட்டத்தட்ட 3 ட்ரில்லியன் டாலர் கம்பெனி, யுனைடெட்ஹெல்த்த போல அஞ்சு மடங்குக்கு மேல பெருசு, ஆனா ஒரு பங்கு விலை 200 டாலருக்கு கீழ இருந்ததால டவ்ல அதுக்கு வெறும் 3 சதவீதம். சின்ன கம்பெனிக்கு மூணு பங்கு குரல், பெரிய கம்பெனிக்கு ஒரு பங்கு குரல். இதுக்கு பொருளாதார காரணம் எதுவும் கிடையாது, ஒரு பங்கோட விலை என்ன எண்ணுல நிக்குதுங்கறது மட்டும்தான் காரணம்.

அந்த விலை எண்ணு எவ்வளவு தற்செயலானதுன்னு புரியணும்னா ஒரு சின்ன கணக்கு போட்டே ஆகணும், கொஞ்சம் பொறுமையா வாங்க. நம்ம ஊர் பூ பேரையே வச்சு மூணு கம்பெனி மட்டும் இருக்க ஒரு மார்க்கெட்ட நெனச்சுக்கங்க. மல்லி கம்பெனி பங்கு 900 ரூவா, 2 கோடி பங்கு இருக்கு, மொத்த மதிப்பு 1,800 கோடி. செவ்வந்தி பங்கு 200 ரூவா, 50 கோடி பங்கு, மொத்தம் 10,000 கோடி. சம்பங்கி பங்கு 100 ரூவா, 82 கோடி பங்கு, மொத்தம் 8,200 கோடி. மூணும் சேந்தா மார்க்கெட் 20,000 கோடி. விலைய மட்டும் கூட்டுனா 1,200, மூணால வகுத்தா டவ் மாதிரி இண்டெக்ஸ் 400ல நிக்கும்.

நாளைக்கு மல்லி 10 சதவீதம் ஏறுது, செவ்வந்தி 10 சதவீதம் இறங்குது, சம்பங்கி அப்படியே இருக்குன்னு வைங்க. விலைப்படி பாத்தா மல்லி 990, செவ்வந்தி 180, சம்பங்கி 100, கூட்டுனா 1,270, இண்டெக்ஸ் 423க்கு வந்துருச்சு, கிட்டத்தட்ட 6 சதவீதம் ஏத்தம், டிவில பட்டாசு வெடிப்பாங்க. ஆனா காச எண்ணிப் பாருங்க. மல்லி வச்சிருந்தவங்களுக்கு 180 கோடி லாபம், செவ்வந்தி வச்சிருந்தவங்களுக்கு 1,000 கோடி நட்டம், எல்லாரும் சேந்து 820 கோடி இழந்துருக்காங்க, அதாவது 4.1 சதவீதம் போச்சு. மார்க்கெட் கேப் இண்டெக்ஸ் இந்த 4.1 சதவீத இறக்கத்தத்தான் காட்டும்.

இதுக்கு மேலதான் விசயமே இருக்கு. இதெல்லாம் நடக்குறதுக்கு முந்தின ராத்திரி மல்லி கம்பெனி தன் பங்க ஒண்ணுக்கு பத்தா ஸ்பிளிட் பண்ணுச்சுன்னு வைங்க. ஐநூறு ரூவா நோட்ட குடுத்து அஞ்சு நூறா மாத்துன மாதிரிதான், யாருக்கும் ஒரு பைசா கூடல குறையல. பங்கு விலை 90 ஆச்சு, 20 கோடி பங்கு ஆச்சு, மதிப்பு அதே 1,800 கோடி. இப்ப விலைகள கூட்டுனா 390தான் வருது, ஆனா இண்டெக்ஸ் 400லயே நிக்கணும்ல, அதனால டிவைசர 3ல இருந்து 0.975க்கு மாத்துவாங்க. இது வரைக்கும் சரி. விடிஞ்சதும் அதே கூத்து நடக்குது, மல்லி 10 சதவீதம் ஏறி 99, செவ்வந்தி 10 சதவீதம் இறங்கி 180, சம்பங்கி 100. கூட்டுனா 379, 0.975ஆல வகுத்தா 388.7. இண்டெக்ஸ் 2.8 சதவீதம் விழுந்துருச்சு! அதே மூணு கம்பெனி, அதே ஏத்த இறக்கம், அதே நட்டம், ஸ்பிளிட் ஆகலன்னா 6 சதவீத ஏத்தம், ஸ்பிளிட் ஆனா கிட்டத்தட்ட 3 சதவீத இறக்கம். மார்க்கெட் கேப் இண்டெக்ஸ் ரெண்டு தடவையும் 4.1 சதவீத இறக்கம்னு ஒரே பதிலத்தான் சொல்லும். டிவைசர் மாத்துறது அன்னைக்கு ராத்திரி குதிக்காம பாத்துக்குமே தவிர, மறுநாள்ல இருந்து மல்லியோட குரல் 75 சதவீதத்துல இருந்து 23 சதவீதமா குறைஞ்சத அதால சரி பண்ண முடியாது. ஸ்பிளிட்டுக்குத்தான் டிவைசர் இருக்கே அப்புறம் என்ன பிரச்சனைன்னு நெறைய பேர் கேப்பாங்க, பரீட்சை எழுதுற பசங்களும் இதுலதான் தடுக்கி விழுவாங்க, அதான் இவ்வளவு நீட்டி சொல்றேன்.

இது ஏதோ பேப்பர் கணக்கு இல்ல, நெசமாவே நடந்துருக்கு. 2020 ஆகஸ்ட் கடைசில ஆப்பிள் ஒண்ணுக்கு நாலா ஸ்பிளிட் ஆச்சு. அதுவரைக்கும் 500 டாலர் கிட்ட இருந்துச்சு, டவ்லயே பெரிய வெயிட்டேஜ் அதுக்குத்தான், ஒரே நாள்ல 125 டாலர் பங்கா ஆகி நடுவுல எங்கயோ போயி உக்காந்துச்சு. கம்பெனில ஒண்ணும் மாறல, ஆனா டவ்ல டெக்னாலஜி கம்பெனிகளோட பங்கு சட்டுனு குறைஞ்சு போச்சு, அத ஈடு கட்டத்தான் அதே நாள்ல ஆட்கள மாத்துனாங்க, எக்ஸான் மொபில், ஃபைசர், ரேதியான் மூணையும் எடுத்துட்டு சேல்ஸ்ஃபோர்ஸ், ஆம்ஜென், ஹனிவெல்ல உள்ள கொண்டு வந்தாங்க. யோசிச்சுப் பாருங்க, ஒரு கம்பெனி நோட்ட சில்லற மாத்துனதுக்கு, அதுக்கு சம்பந்தமே இல்லாத ஒரு எண்ணெய் கம்பெனி இண்டெக்ஸ விட்டு வெளிய போகுது! அமேசான் 2022ல ஒண்ணுக்கு இருபதா ஸ்பிளிட் பண்ணதுக்கு அப்புறம் 2024லதான் டவ்வுக்குள்ள வந்துச்சு, என்விடியாவும் 2024ல ஒண்ணுக்கு பத்தா ஸ்பிளிட் பண்ண அதே வருசம் உள்ள வந்துச்சு. விலை ஆயிரக்கணக்குல இருக்க பங்க உள்ள விட்டா அது ஒண்ணே இண்டெக்ஸ ஆட்டிப் படைச்சுரும், அதனால டவ்வுக்கு கம்பெனிய தேர்ந்தெடுக்குற கமிட்டிக்கு விலையையும் பாத்துத்தான் சேக்க வேண்டி இருக்கு. ஸ்பிளிட் பண்றதே பெரும்பாலும் நல்லா ஏறுன கம்பெனிகதான், அப்ப ஜெயிக்கிற கம்பெனியோட குரல்தான் அடிக்கடி வெட்டுப்படுதுன்னும் ஆகுது.

நம்ம ஊருக்கு வருவோம். நிஃப்டி 50, சென்செக்ஸ் ரெண்டுமே விலைய வச்சு வெயிட்டேஜ் குடுக்குற இண்டெக்ஸ் இல்ல, மார்க்கெட் கேப்தான், அதனால டவ்ல நடக்குற இந்த ஸ்பிளிட் கூத்து இங்க நடக்காது. ரிலையன்ஸ் 2024 அக்டோபர்ல ஒண்ணுக்கு ஒண்ணு போனஸ் குடுத்து பங்கு விலை பாதியாச்சு, நிஃப்டில அதோட வெயிட்டேஜ் அப்படியேதான் இருந்துச்சு. ஒருவேளை நாமளும் விலைய வச்சு இண்டெக்ஸ் போட்டா எப்படி இருக்கும்னு பாக்க எம்ஆர்எஃப் ஒண்ணு போதும். 2023 ஜூன்ல அந்த பங்கு மொத மொத ஒரு லட்ச ரூவாயத் தொட்டுச்சு, அப்ப ரிலையன்ஸ் சுமார் 2,500 ரூவா. விலைப்படி பாத்தா டயர் கம்பெனி ரிலையன்ஸ போல 40 மடங்கு. மொத்த மதிப்ப பாத்தா எம்ஆர்எஃப் சுமார் 42,000 கோடி, ரிலையன்ஸ் சுமார் 17 லட்சம் கோடி, ரிலையன்ஸ்தான் 40 மடங்கு. தலைகீழா வருது பாத்தீங்களா. எம்ஆர்எஃப் பங்க ஸ்பிளிட் பண்ணல, வெறும் 42 லட்சத்து சொச்சம் பங்குதான் இருக்கு, அதனாலதான் அந்த விலை, மத்தபடி கம்பெனியோட பெருசுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. ஒரு லட்ச ரூவா பங்குன்னா பெரிய கம்பெனின்னும் 40 ரூவா பங்குன்னா சீப்புன்னும் கஸ்டமருங்க நெனைக்கிறதும் இதே கோளாறுதான், அத பேசுனா வேற பக்கம் போயிரும்.

ஆனா எஸ் அண்ட் பியும் சரி நிஃப்டியும் சரி, மொத்த மார்க்கெட் கேப்ப அப்படியே எடுக்கறது இல்ல, ஃப்ரீ ஃப்ளோட்டத்தான் எடுக்கும், அதாவது புரமோட்டர் கைல பூட்டி வச்சிருக்க பங்க கழிச்சுட்டு, நீங்களும் நானும் வாங்கி விக்கக்கூடிய பங்கு மட்டும். சென்செக்ஸ் 2003லயும் நிஃப்டி 2009லயும் இதுக்கு மாறுச்சு. டிசிஎஸ்ல கிட்டத்தட்ட 72 சதவீதம் டாடா சன்ஸ் கைல இருக்கு, அதனால மீதி இருக்க பங்குக்கு மட்டும்தான் வெயிட்டேஜ். ஹெச்டிஎஃப்சி பேங்க்ல 2023 இணைப்புக்கு அப்புறம் புரமோட்டர்னே யாரும் இல்ல, கிட்டத்தட்ட முழுசும் கணக்குல வந்துரும். அதனால 2024, 2025 ரெண்டு வருசமும் மொத்த மதிப்புல ரிலையன்ஸ் மொதல்ல இருந்தாலும் நிஃப்டி வெயிட்டேஜ்ல ஹெச்டிஎஃப்சி பேங்க்தான் மொத இடத்துல இருந்துச்சு.

அப்ப நிஃப்டில ஒரே கம்பெனி இழுத்துட்டு போறது நடக்காதான்னா, நடக்கும். 2024 ஜனவரி 17, ஹெச்டிஎஃப்சி பேங்க் ரிசல்ட் புடிக்காம ஒரே நாள்ல 8 சதவீதத்துக்கு மேல விழுந்துச்சு, நிஃப்டி 460 பாயிண்ட், அதாவது 2 சதவீதத்துக்கு மேல இறங்குச்சு. அந்த நேரம் அதோட வெயிட்டேஜ் 13 சதவீதத்துக்கு சொச்சம், பெருக்கிப் பாத்தா நிஃப்டி இறக்கத்துல சுமார் பாதி அந்த ஒரு பேங்கோட வேலைன்னு தெரியும். யுனைடெட்ஹெல்த் கதை மாதிரியேதான இருக்குன்னு தோணும், ஆனா ஒண்ணு இல்ல. நிஃப்டில நம்மள மாதிரி ஆளுங்க நெசமாவே அவ்வளவு பெரிய காசு போட்டு வச்சிருக்க கம்பெனி விழுந்துச்சு, அதனால இண்டெக்ஸ் விழுந்தது உண்மையான நட்டத்தோட அளவு. டவ்ல விழுந்தது விலைச்சீட்டுல பெரிய எண் எழுதியிருந்த கம்பெனி. மார்க்கெட் கேப் இண்டெக்ஸ் சொல்றது "மொத்தக் காசு எவ்வளவு கூடுச்சு குறைஞ்சுச்சு"ங்கறத. "எத்தன கம்பெனி ஏறுச்சு"ங்கறத அது சொல்லாது, அதுக்கு எத்தன பங்கு ஏறுச்சு எத்தன இறங்குச்சுங்கற கணக்க தனியா பாக்கணும், இல்லன்னா அம்பதுக்கும் சமமா வெயிட்டேஜ் குடுக்குற நிஃப்டி 50 ஈக்வல் வெயிட் இண்டெக்ஸ பக்கத்துல வச்சு பாக்கணும். நிஃப்டி ஏறி ஈக்வல் வெயிட் இறங்கியிருந்தா நாலஞ்சு பெருசுங்க மட்டும் தூக்கிருக்குன்னு அர்த்தம்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் கணக்கு, சந்தேகமே வேண்டாம். இனிமே சொல்றது என் அபிப்பிராயம். மார்க்கெட் கேப் முறைல ஏறுன பங்குக்கே இன்னும் வெயிட்டேஜ் கூடுது, அதனால ஊதிப்போன பங்குல இண்டெக்ஸ் ஃபண்டு காசு தேவைக்கு மேல மாட்டிக்குதுன்னு ஒரு வாதம் இருக்கு, ரொம்ப வருசமா சண்டை நடக்குது, ரெண்டு பக்கமும் விசயம் தெரிஞ்சவங்கதான், நான் அதுல தீர்ப்பு சொல்ல மாட்டேன். டவ் குப்பைன்னும் சொல்ல மாட்டேன், 30ம் பெரிய கம்பெனிங்கதான், வருசக்கணக்குல பாத்தா எஸ் அண்ட் பி போற திசைலதான் பெரும்பாலும் அதுவும் போகும். ஒரு நாள் கணக்குக்குத்தான் அது காலை வாரிவிடும், உங்க ப்ரோக்கர் ஆபீஸ்ல பாக்கறதும் அந்த ஒரு நாள் கணக்கத்தான்.

அடுத்த தடவை இப்படி ரெண்டும் எதிரெதிரா போச்சுன்னா நீங்களே ரெண்டு நிமிசத்துல பிரிச்சுப் பாத்துரலாம். டவ் பங்குகள்ல அன்னைக்கு எது டாலர் கணக்குல அதிகமா நகந்துச்சுன்னு பாருங்க, சதவீதத்த பாக்காதீங்க, அதுல ஏமாந்துருவீங்க. அந்த டாலர டிவைசரால வகுங்க, டிவைசர் அப்பப்ப மாறும், அன்னைக்கு எதுன்னு பாத்துக்கங்க. வர்ற பாயிண்ட் டவ்வோட மொத்த நகர்வுல பாதிக்கு மேல இருந்தா அது மார்க்கெட் நியூஸ் இல்ல, கம்பெனி நியூஸ். நிஃப்டிக்கு டிவைசர் தேட வேண்டாம், என்எஸ்இ மாசா மாசம் வெளியிடுற வெயிட்டேஜ எடுத்து பங்கோட சதவீத மாத்தத்தால பெருக்குனா போதும்.

காலைல டவ்வ பாத்துட்டு நம்ம மார்க்கெட்ட சொல்றாங்கன்னீங்கள்ல, நீங்க கேட்ட அந்த நாளையே எடுத்துக்கங்க. ஏப்ரல் 17 வியாழன், மறுநாள் பெரிய வெள்ளி, இங்கயும் லீவு அங்கயும் லீவு. சனிக்கிழமை ஹெச்டிஎஃப்சி பேங்க்கும் ஐசிஐசிஐ பேங்க்கும் நல்ல ரிசல்ட் விட்டாங்க, ரெண்டுக்கும் சேத்தா நிஃப்டில அஞ்சுல ஒரு பங்குக்கு மேல வெயிட்டேஜ். திங்கக்கிழமை நிஃப்டி ஒரு சதவீதத்துக்கு மேல ஏறி முடிஞ்சுச்சு, டவ் 527 பாயிண்ட் விழுந்தத பாத்துட்டு வெள்ளிக்கிழமை பூரா உக்காந்து விக்கிறதுக்கு பிளான் போட்டவங்களுக்கு அந்த திங்கக்கிழமை கஷ்டமா போயிருக்கும்.